ஸ்டெபிலைசர் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கொப்பி வாங்குங்க

"ஸ்டெபிலைசர் போட்டிருந்தீங்களா?"

பிரிட்ஜ் பழுதாகி கடைக்குப் போனா முதல்ல கேக்குற கேள்வி இதுதான். இல்லன்னு சொன்னா, "அப்ப வொரண்டி இல்ல" என்பாங்க. கரண்ட் ஒபீஸுக்குப் போய் "ராவைக்குக் கரண்ட் காணாது சார்"னு சொன்னாலும் பதில் அதேதான்: "ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுங்க." ரெண்டு இடத்திலயும் ஒரே பதில். காசு மட்டும் எப்பவும் எங்க பக்கத்துல இருந்துதான் போகணும்.

கலைப்பீடத்துல படிக்கிற நாங்க கரண்டைப் பத்தி எழுதுறது சிலருக்குச் சிரிப்பா இருக்கலாம். எங்கள்ல ரெண்டு பேர் யட்டியாந்தோட்டைப் பக்கம், ஒருத்தி பலாங்கொடைப் பக்கம். மூணு பேர் வீட்டுலயும் தவணைக்கு எடுத்த பிரிட்ஜ் இருக்கு. அதுல ஒண்ணு எட்டாவது மாசம் செத்துப்போச்சு, தவணை இன்னும் நாலு மாசம் பாக்கி. அந்த வீட்டுல அம்மா பால் வெட்டப் போறவங்க, அப்பாயிக்குச் சீனி வருத்தம். பிரிட்ஜ் வாங்கினதே அப்பாயியோட இன்சுலின் போத்தலுக்காகத்தான். திறக்காத இன்சுலின் 2 பாகைக்கும் 8 பாகைக்கும் நடுவுல இருக்கணும். அதனால இது ஐஸ் தண்ணி குடிக்க முடியல்லங்கிற கவலை இல்ல.

நாங்க சொல்ல வாறது இதுதான். ஸ்டெபிலைசர் தேவையா இல்லையாங்கிறதைக் கடைக்காரர் சொல்ல முடியாது, மச்சான் சொல்ல முடியாது, ஒபீஸில இருக்கிறவரும் சொல்ல முடியாது. உங்க வீட்டு பிளக் பொயின்ட்டுல அளந்து பாத்தாத்தான் தெரியும். அளக்காம வாங்குற ஸ்டெபிலைசர் பாதி நேரம் வீண் செலவு. மீதி நேரம் அதுவே பிரிட்ஜைக் கொல்லும். ரெண்டாவதை நாங்க கண்ணால பாத்தோம், கடைசியில சொல்றோம்.

சட்டம் சொல்றது என்ன?

இலங்கையில வீட்டுக்கு வர வேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். அதுல 6 வீதம் கூடலாம், 6 வீதம் குறையலாம். கணக்குப் போட்டா 216க்குக் கீழ போகக் கூடாது, 244க்கு மேல ஏறக் கூடாது. இது விதி, யாரும் பாவம் பாத்துத் தர்ற சலுகை இல்ல. பிரிட்ஜோட பின்பக்கம் ஒட்டியிருக்கிற தகட்டைப் பாருங்க, அநேகமா 220–240 வோல்ட்னு போட்டிருக்கும். பிரிட்ஜ் செஞ்சவன் அந்த விதியை நம்பித்தான் செஞ்சிருக்கான்.

பலாங்கொடைக்குப் பக்கத்துலதான் சமனலவெவ மின் நிலையம் இருக்கு. 1992ல இருந்து 120 மெகாவோட் அளவுக்கு அங்க கரண்ட் எடுக்கலாம். அதே மாவட்டத்து லயத்துல பொழுது சாஞ்சா 180 வோல்ட். இதை யாராச்சும் எங்களுக்கு விளக்கணும்.

குறைஞ்ச வோல்டேஜ் பிரிட்ஜை என்ன செய்யும்?

பல்ப் மங்கினா நமக்குத் தெரியும்னு நெனைக்கிறோம். அது குண்டு பல்ப் காலம். இப்ப எல்லார் வீட்டுலயும் எல்ஈடி பல்ப். அது 170 வோல்ட்டுலயும் அநேகமா அதே வெளிச்சத்தைத் தரும். "லைட் நல்லாத்தானே எரியுது"ங்கிறது இனிமே ஆதாரமே இல்ல.

பிரிட்ஜுக்குள்ள இருக்கிற கொம்பிரசர் ஒரு மோட்டார். ஓடிக்கிட்டு இருக்கிறப்ப அதுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும். கிளம்புறதுக்குத்தான் பலம் வேணும். இந்தக் கிளம்புற பலம் வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரிக் குறையும். 230க்குப் பதிலா 180 வந்தா வோல்டேஜ் 22 வீதம்தான் குறைஞ்சிருக்கு, ஆனா கிளம்புற பலம் கிட்டத்தட்ட 40 வீதம் போயிருக்கும். மோட்டார் திணறி நிக்கும். நிக்கிற மோட்டார் ஓடுற மோட்டாரை விடப் பல மடங்கு கரண்டை இழுத்துச் சூடாகும். கொம்பிரசர் பக்கத்துல இருக்கிற சின்னப் பாதுகாப்புப் பொருள் ஒண்ணு அந்தச் சூட்டுல "டிக்"னு வெட்டிவிடும். சில நிமிஷத்துல ஆறி, திரும்ப விடும். திரும்ப உறுமல், திரும்ப டிக்.

ராவைக்கு அடுப்படியில இந்த உறுமல்–டிக்–அமைதி, உறுமல்–டிக்–அமைதி கேட்டா, உங்க பிரிட்ஜ் கிளம்ப முடியாமத் தவிக்குதுன்னு அர்த்தம். உடனே பிளக்கைக் கழட்டுங்க. இப்பிடியே மாசக்கணக்கா விட்டா உள்ள இருக்கிற கம்பிச்சுருளோட பூச்சு கருகி ஒருநாள் நிரந்தரமா நின்னுடும்.

கரண்ட் போய் உடனே வந்தாலும் இதே ஆபத்துதான். நின்ன கொம்பிரசருக்குள்ள காஸோட அழுத்தம் சமமாக மூணு, அஞ்சு நிமிஷம் வேணும். அதுக்கு முன்னாடி கரண்ட் வந்தா அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டி வரும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்துல குரங்கு பாஞ்சு நாடே இருட்டாச்சே, ஞாபகம் இருக்கா? அப்பிடியான நாள்ல செய்ய வேண்டியது ஒண்ணுதான்: பிரிட்ஜ் சுவிட்சை ஓஃப் பண்ணிட்டு, கரண்ட் வந்து அஞ்சு நிமிஷம் ஆடாம நின்ன பொறவு போடுறது. இதுக்குச் செலவே இல்ல.

அளக்கிறது எப்பிடி?

பிளக் பொயின்ட்டுல குத்தினா வோல்ட்டைக் காட்டுற சின்ன டிஜிட்டல் மீட்டர் எலெக்ட்ரிக் கடையில கிடைக்கும். வீட்டுப் பாவனைக்கு அதுதான் நல்லது. மல்டிமீட்டர் இருந்தா, தெரிஞ்ச வயரிங்காரர் ஒருத்தரை வச்சு அளங்க. மீட்டரோட திருகு ஏசி வோல்ட்டுல, 600 இல்லாட்டி 750ல இருக்கணும். சிவப்பு வயர் 10 அம்பியர் ஓட்டையில இருக்கவே கூடாது. அப்பிடி இருக்கிறப்ப பிளக் பொயின்ட்டுல வச்சா மீட்டர் கையிலயே வெடிக்கும்.

ஒரு தரம் அளந்தா போதாது. மூணு நாள் அளக்கணும், ஒரு நாளைக்கு நாலு தரம்: விடியப்புறம், மத்தியானம், பொழுதுபட்டு ஏழரைக்கு, ராத்திரி பதினொண்ணுக்கு. ஏழரைதான் முக்கியம், எல்லாக் காம்பராவுலயும் சோறு, டீவி, கேத்தல் எல்லாம் ஒண்ணா ஓடுற நேரம் அது. கொம்பிரசர் கிளம்புற நொடியில எண் எவ்வளவு கீழ குதிக்குதுன்னும் பாருங்க. எல்லாத்தையும் ஒரு கொப்பியில திகதியோட எழுதுங்க.

செத்துப்போன பிரிட்ஜுக்குப் பொறவு நாங்க அந்த வீட்டுல எழுதின முதல் நாள் கணக்கு இது. விடியக்காலை 228. மத்தியானம் 224. ஏழரைக்கு 181. பதினொண்ணுக்கு 219. மத்த ரெண்டு நாளும் பெரிய வித்தியாசம் இல்ல. பொழுதுபட்டா மூணு மணித்தியாலத்துக்கு மேல 190ஐத் தாண்டல்ல.

அடுத்தது பக்கத்துக் காம்பராவுல அதே நேரத்துல அளக்கணும். இதை யாரும் செய்யிறதில்ல, ஆனா பாதி விடை இங்கதான் இருக்கு. பக்கத்துல 220 இருந்து உங்க வீட்டுல மட்டும் 185ன்னா கோளாறு உங்க வீட்டு வயர்ல, இல்லாட்டி உங்க வீட்டுக்கு இறங்குற இணைப்புல. லயத்துல இது சாதாரணம். பின்னால கட்டின அடுப்படிக்கு ஒரு மெல்லிசு வயரை இழுத்து, டேப் சுத்தி விட்டிருப்போம். அரை சதுர மில்லிமீட்டர் வயரை 30 மீட்டர் இழுத்து, பிரிட்ஜ் கிளம்புறப்ப 8 அம்பியர் எடுத்தா, அந்த வயர்லயே 18, 19 வோல்ட் தொலைஞ்சிடும். வயர் சூடாகுறது தனி ஆபத்து. இதுக்கு ஸ்டெபிலைசர் மருந்தில்ல, நல்ல வயர்தான் மருந்து.

லயம் முழுக்க 180ன்னா கோளாறு வெளியில. ட்ரான்ஸ்போமர்ல இருந்து தூரம் கூட, கம்பி மெலிசு, இல்லாட்டி ஒரே கம்பியில அளவுக்கு மிஞ்சி வீடுகள்.

மூணாவது ஒண்ணு இருக்கு, அதுதான் பயங்கரம். ஒரு வீட்டுல லைட் திடீர்னு பிரகாசமாகி இன்னொரு வீட்டுல மங்கினா, மீட்டர் 260, 280ன்னு ஏறினா, வெளியில நியூட்ரல் கம்பி விட்டுப்போயிருக்கலாம். அது 400 வோல்ட் பக்கம்கூட ஏறும். அந்த நேரத்துல ஸ்டெபிலைசரைப் பத்தி யோசிக்கக் கூடாது. மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணி, லயம் முழுக்கச் சத்தம் போட்டுச் சொல்லி, உடனே கரண்ட் ஒபீஸுக்கு அடிக்கணும்.

அப்ப யாருக்குத் தேவை?

மூணு நாளும் 216க்கும் 244க்கும் நடுவுல நின்னா ஸ்டெபிலைசர் வேணாம். கடைக்காரர் என்ன சொன்னாலும் வேணாம். ஆனா வொரண்டி அட்டையில ஸ்டெபிலைசர் கட்டாயம்னு எழுதியிருக்கான்னு வாங்குற நேரமே கேளுங்க. எழுதியிருந்தா வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. எழுதாத ஒண்ணைக் காட்டி வொரண்டியை மறுக்க விடாதீங்க.

கரண்ட் அடிக்கடி போய் வருது, வோல்டேஜ் கொஞ்ச நேரம்தான் விழுதுன்னா பிரிட்ஜ் கார்ட் போதும். கார்டும் ஸ்டெபிலைசரும் ஒண்ணுன்னு நெனைச்சு ஏமாறுறவங்க நிறைய. கார்ட் வோல்டேஜைக் கூட்டாது. குறைஞ்சாலோ மிஞ்சினாலோ வெட்டும், சரியான பொறவு சில நிமிஷம் பொறுத்துத் திரும்பக் கொடுக்கும். அவ்வளவுதான். கதவைத் திறக்காம வச்சா பிரிட்ஜ் ஒரு நாலு மணித்தியாலம் குளிரைப் பிடிச்சு வச்சுக்கும். அதனால ஒரு மணித்தியாலம் வெட்டிக் கிடந்தா நட்டம் இல்ல.

எங்க கூட்டாளி வீட்டு மாதிரி ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கா 190க்குக் கீழ கிடந்தா, சாதாரண கொம்பிரசர் பிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வேணும்தான். அதை மறுக்கிறது பிடிவாதம். பெட்டியில பாக்க வேண்டியது ரெண்டு. உள்ள வர்ற வோல்டேஜ் எது வரைக்கும் இறங்கினாலும் தாங்கும்னு பாருங்க. உங்க கொப்பியில உள்ள ஆகக் குறைஞ்ச எண்ணை விட அது நல்லாக் கீழ இருக்கணும். பொறவு எத்தனை விஏன்னு பாருங்க. பிரிட்ஜ் 150 வோட்தான்னு 200 விஏ வாங்கினா கிளம்புற இழுவையைத் தாங்காது. உங்க பிரிட்ஜோட லீட்டர் அளவு பெட்டியில எழுதியிருக்கணும்.

இன்வெர்ட்டர் பிரிட்ஜ் கதை வேற. அது வர்ற கரண்டைத் தானே மாத்தி எடுத்துக்கிட்டு மெதுவாக் கிளம்பும். பல மொடல் ரொம்பக் குறைஞ்ச வோல்டேஜுலயும் ஓடும். ஆனா "இன்வெர்ட்டர்னா ஒண்ணும் வேணாம்"ங்கிறதும் சும்மா பேச்சுதான். தகட்டுலயோ கையேட்டுலயோ எந்த எண் போட்டிருக்குன்னு பாத்து, கொப்பியோட ஒப்பிடுங்க.

இடியைப் பத்தியும் ஒரு வார்த்தை. சித்திரையிலயும் ஐப்பசியிலயும் எங்க மலைகள்ல இடி எப்பிடின்னு சொல்லத் தேவையில்ல. ஸ்டெபிலைசர் இடிக்கு உதவாது. அதுக்குள்ள இருக்கிற ரிலே அசையிறதுக்கு முன்னாடியே இடி வந்து போயிடும். மேகம் கறுத்ததும், இடி தொடங்குறதுக்கு முன்னாடி, பிளக்கைக் கழட்டுறதுதான் வழி.

வாங்கியாச்சு. வேலை செய்யுதா?

இப்ப ஆரம்பத்துல சொன்ன கதை. கொம்பிரசரை மாத்தினாங்க, கடன் வாங்கித்தான். கூடவே ஸ்டெபிலைசரும் வாங்கினாங்க. முகப்புல அழகா 220ன்னு எரியும். ரெண்டு மாசம் எல்லாருக்கும் நிம்மதி. நாங்க லீவுக்குப் போன நேரம் சும்மா ஒரு விடியக்காலையில அது வெளிய விடுற பக்கத்துல மீட்டரைக் குத்தினோம். 273.

சுவர்ல 228, வெளிய 273, முகப்புல மட்டும் அதே 220. ராவைக்கு அளந்தா சுவர்ல 181, வெளிய 217. அப்பத்தான் விளங்கிச்சு. ஸ்டெபிலைசருக்குள்ள ஒரு ட்ரான்ஸ்போமரும், படிப்படியாக் கூட்டிக் குறைக்கிற ரிலேகளும் இருக்கு. வோல்டேஜ் குறைஞ்சா ஒரு ரிலே "டக்"னு மாறி ஒண்ணே கால் பங்குக்குக் கிட்டக் கூட்டும். வோல்டேஜ் சரியானதும் திரும்ப மாறணும். இதுல அந்த ரிலே ஒட்டிக்கிச்சு. ராவும் பகலும் கூட்டிக்கிட்டே இருக்கு. ராவைக்குக் காப்பாத்தின அதே பெட்டி விடியக்காலையில பிரிட்ஜை வறுத்துக்கிட்டு இருந்திருக்கு.

அதனால முகப்பு எண்ணை நம்பாதீங்க, வேற மீட்டரால அளங்க. பிரிட்ஜ் ஓடிக்கிட்டு இருக்கிறப்பவே, ராவைக்கு ஒருக்கா, விடியக்காலையில ஒருக்கா, சுவர்லயும் வெளியிலயும். வெளிய விடுற பக்கம் ஒரு பிளக்தான் இருந்தா, பிரிட்ஜைக் கழட்டாம அளக்குறதுக்கு நல்ல மல்டி பிளக் ஒண்ணை அந்த நேரத்துக்கு மட்டும் போடலாம். சுவர்ல குறைவு, வெளிய 200க்கும் 240க்கும் நடுவுலன்னா வேலை செய்யுது. சரியா 230 வராது, படிப்படியாத்தான் கூட்டும், அது பிழை இல்ல. சுவர்ல 181, வெளியிலயும் 181ன்னா அது வெறும் பெட்டி. சுவர்ல சரியா இருந்து வெளிய 250ஐத் தாண்டினா உடனே கழட்டுங்க.

அடுத்தது காத்திருப்புச் சோதனை. சுவர் சுவிட்சை ஓஃப் பண்ணிப் போடுங்க. காத்திருப்பு லைட் எரியிற நேரம், அதாவது மூணு நிமிஷமளவு, வெளிய கரண்ட் வரக் கூடாது. உடனே பிரிட்ஜ் உறுமினா அந்த வசதி கெட்டிருக்கு, இல்லாட்டி உடனே விடுற பட்டன் அமுங்கியிருக்கு.

மூணாவது காதும் கையும். பொழுதுபடுற நேரம் இடைக்கிடை டக்னு கேட்டா நல்லது. நிமிஷத்துக்குப் பல தரம் டக் டக்னு அடிச்சா பிளக் தளர்ந்திருக்கும், இல்லாட்டி லைன் ஆடுது. பெட்டி வெதுவெதுன்னு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு, கருகின வாசம் வந்தா எடுத்துருங்க. அதுலயே கேத்தலையும் ரைஸ் குக்கரையும் குத்துறவங்களுக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல, அது பிரிட்ஜுக்கு மட்டும்.

ஆளுக்கொரு பெட்டி வாங்கினா சரியாயிடுமா?

ஆகாது. ஸ்டெபிலைசர் கரண்டை உண்டாக்குறதில்ல. 180 வோல்ட்டை 230 ஆக்க, சுவர்ல இருந்து கால் பங்குக்கு மேல கூடுதலாக் கரண்டை இழுக்கும். நீங்க இழுத்தா லைன் கடைசியில இருக்கிறவங்களுக்கு இன்னும் விழும். அவங்களும் ஒண்ணு வாங்குவாங்க, அவங்களும் இழுப்பாங்க. லயம் முழுக்க வாங்கினா எல்லாருக்கும் இன்னும் குறையும். வாங்க முடியாத வீடுதான் கடைசியில அடி வாங்கும்.

இதனாலதான் "வாங்கிப் போடுங்க"ங்கிற பதிலை நாங்க ஏத்துக்கல்ல. 216 வோல்ட்டைக் கொண்டுவந்து தர்றது விநியோகிக்கிறவங்க பொறுப்பு. அதைச் செய்யாம அந்தச் செலவைக் கொழுந்து பறிக்கிறவங்க, பால் வெட்டுறவங்க சம்பளத்துல ஏத்துறதுக்குப் பேர் ஆலோசனை இல்ல.

அந்த லயத்துல என்ன செஞ்சோம்னா, மூணு வீட்டுல ஒரு கிழமை அளந்தோம். திகதி, நேரம், வோல்ட், மீட்டர் கணக்கு இலக்கம், எல்லாம் ஒரு தாள்ல. எல்லாரும் கையொப்பம் வச்சு, மின்னழுத்தத்தைப் பதியிற கருவி பூட்டிப் பாக்கச் சொல்லி எழுத்துல கேட்டோம். பிரதியில திகதி முத்திரை வாங்கினோம். வாயால சொன்ன முறைப்பாடு ஒருக்காவும் ஒரு அடி நகரல்ல. இந்தத் தாளுக்கு ஆள் வந்தாங்க. லயம் முழுக்க ஒரே கம்பியில தொங்குதுன்னு பாத்து, பாதி வீட்டை மத்தக் கம்பிக்கு மாத்தினாங்க.

இப்ப ஏழரைக்கு 204.

181ல இருந்து 204, சந்தோஷம்தான். ஆனா விதி 216. ரெண்டாவது கடிதம் எழுதியாச்சு. இதுக்கும் பதில் இல்லன்னா அதே தாள்களோட இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குப் போவோம். பழுதான ஸ்டெபிலைசரைக் கடையில மாத்திக் கேட்டப்பவும் கொப்பியைத்தான் விரிச்சுக் காட்டினோம். 228, 273. கடைக்காரர் கொஞ்ச நேரம் பாத்துட்டு, வேற பெட்டி எடுத்துத் தந்தார். அதையும் அங்கேயே அளந்துதான் வாங்கினோம்.